கோடை முகாமில் பிள்ளைகளுக்கு வெப்பவாதம்: அடையாளம் காண்பதும் அட்டவணை போடுவதும்

மூன்று வருடங்களுக்கு முன் திருச்சியில் 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான கால்பந்து முகாம் ஒன்றை நடத்தினேன். மே மாதம், முகாமின் மூன்றாவது நாள், காலை பத்தேகால். 13 வயதுப் பையன் ஒருவன் பந்தைத் தொடர்ந்து எதிரணிக்கே தட்டிக்கொண்டிருந்தான். கவனமில்லை என்று நினைத்துக் கிரவுண்டை இரண்டு ரவுண்டு ஓடச் சொன்னேன். எப்போதும் "சரி சார்" என்பவன் அன்றைக்கு என்னைப் பார்த்துக் கத்தினான். ஒன்றரை ரவுண்டில் கால் பின்னி விழுந்தான்.

நிழலுக்குத் தூக்கிப் போனோம். உடம்பெல்லாம் வியர்வை. நெற்றியில் காட்டும் தெர்மாமீட்டர் 99.8 ஃபாரன்ஹீட் காட்டியது. "ஜுரம் இல்லை, வெறும் மயக்கம்தான்" என்று நிம்மதியாகி, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர அரை மணி நேரம் ஆனது. அங்கே உள் வெப்பம் 41 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருந்தது. ஆறு நாள் உள்ளே இருந்தான், ஈரல் பாதிக்கப்பட்டுத் தேறினான். நான் செய்தது எல்லாமே தவறு. அதைத் திருத்திக்கொள்ள நாங்கள் எழுதி வைத்த முறை இது. அப்பாவோ, பி.இ.டி. ஆசிரியரோ, தன்னார்வப் பயிற்சியாளரோ, முதல் முறை முகாம் நடத்துகிறவர் யாராக இருந்தாலும் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

1. முதலில் ஒரே ஒரு கேள்வி: பிள்ளை தன் நினைவில் இருக்கிறதா?

வெயிலில் விளையாடும் பிள்ளைக்கு வரும் தொல்லைகள் பல. தசைப்பிடிப்பு வரும். ஓட்டம் முடிந்து சட்டென்று நின்றதும் கண் இருட்டிக் கீழே சாய்வது உண்டு. படுக்க வைத்துக் காலை உயர்த்தினால் இரண்டு மூன்று நிமிடத்தில் எழுந்துவிடுவார்கள். வெப்பத் தளர்ச்சி என்பது இதைவிடக் கொஞ்சம் பெரியது: தலைவலி, குமட்டல், வெளிறிய முகம், இனி ஓட முடியாது என்ற நிலை. ஆனாலும் பேச்சு தெளிவாக இருக்கும்.

வெப்பவாதம், அதாவது ஹீட் ஸ்ட்ரோக், வேறு கதை. உடம்பின் உள் வெப்பம் 40 டிகிரிக்கு மேல் போய் மூளை தடுமாறத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஆகவே அதைத் தோலில் தேடாதீர்கள், நடத்தையில் தேடுங்கள். காரணமில்லாத கோபம், அழுகை, சொன்னது புரியாமல் விழிப்பது, தன் அணி எது என்று மறப்பது, குடிகாரனைப் போல நடப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் வெப்பவாதம் என்று வைத்துக்கொண்டுதான் செயல்பட வேண்டும். எங்கள் பையன் எதிரணிக்குப் பந்து தட்டியதே முதல் அறிகுறி. அதற்கு நான் தண்டனை கொடுத்தேன்.

நாங்கள் மூன்று கேள்வி வைத்திருக்கிறோம்: இன்றைக்கு என்ன கிழமை? காலையில் என்ன சாப்பிட்டாய்? இப்போது நாம் யாரோடு விளையாடுகிறோம்? பதில் தவறினாலோ இழுத்தாலோ ஆறாம் படிக்குப் போய்விடுங்கள்.

இங்கே மூன்று பொறிகள் உண்டு, நான் மூன்றிலும் விழுந்தேன். ஒன்று, "வியர்வை நின்று தோல் காய்ந்தால்தான் ஹீட் ஸ்ட்ரோக்" என்ற நம்பிக்கை. அது வீட்டுக்குள் வெக்கையில் கிடக்கும் முதியவர்களுக்குப் பெரும்பாலும் பொருந்தும். ஓடிக்கொண்டிருந்த பிள்ளைக்கு வியர்வை ஊற்றிக்கொண்டே வெப்பவாதம் வரும். இரண்டு, நெற்றி, அக்குள், காது, வாய் ஆகியவற்றில் வைக்கும் தெர்மாமீட்டர். ஓடி வியர்த்த உடம்பில் இவை உள் வெப்பத்தைக் குறைத்துத்தான் காட்டும், சில நேரம் இரண்டு டிகிரிக்கு மேலும். ஆசனவாய் வழியாக எடுக்கும் அளவுதான் நம்பத்தக்கது. அதற்குப் பயிற்சி பெற்ற நர்ஸ் வேண்டும், பெற்றோரின் எழுத்து ஒப்புதலும் வேண்டும். நம்மைப் போன்ற முகாம்களில் இரண்டும் இருக்காது, ஆகவே தெர்மாமீட்டரையே மறந்துவிடுங்கள். மூன்று, பாராசிட்டமால். இது கிருமியால் வந்த காய்ச்சல் அல்ல. அந்த மாத்திரை இந்த வெப்பத்தைக் குறைக்காது, ஏற்கெனவே அடிபட்டிருக்கும் ஈரலுக்குக் கூடுதல் சுமைதான்.

2. சேர்க்கும்போதே வாங்க வேண்டிய காகிதங்கள்

ஒரே பக்கப் படிவம் போதும். பெயர், வயது, எடை, இரண்டு பெற்றோர் எண்கள், ரத்த வகை ஆகியவற்றோடு கீழ்க்கண்டவற்றைக் கேளுங்கள்: இதற்கு முன் வெயிலில் மயங்கியதுண்டா? கடந்த பத்து நாளில் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்ததா? இப்போது ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறதா? கடைசிக் கேள்வியைப் பெற்றோர் காலியாக விடுவார்கள். சளிக்குக் கொடுக்கும் அலர்ஜி மாத்திரைகள் சிலவும், கவனக்குறைவுக்குத் தரும் சில மருந்துகளும் உடம்பு சூட்டை வெளியேற்றுவதைக் கெடுக்கும். அதனால் "மாத்திரை அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள்" என்று நேராகவே கேட்டுவிடுங்கள். மருந்தை நிறுத்தச் சொல்வது நம் வேலையில்லை. அந்தப் பிள்ளையின் பெயருக்கு எதிரே ஒரு குறி போட்டு, மருத்துவரைக் கேட்டு வரச் சொல்ல வேண்டும்.

அதே படிவத்தின் அடியில் ஒரு வரி சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள்: "அவசரத்தில் என் பிள்ளையை ஐஸ் தண்ணீரில் குளிரவைக்கச் சம்மதிக்கிறேன்." இது இல்லாமல் ஐஸ் தண்ணீரை எடுத்தால் "ஜன்னி வந்துவிடும்" என்று யாராவது கையைப் பிடித்துத் தடுப்பார்கள். எங்கள் இரண்டாம் வருட முகாமில் அப்படித் தடுத்தது பிள்ளையின் சொந்தத் தாத்தா.

இன்னொரு தாளில் கிரவுண்டின் முகவரியை ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்குச் சொல்வதுபோல எழுதி ஒட்டுங்கள். எந்த வாசல் வழியாக வண்டி உள்ளே வரும், அந்தக் கேட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள்.

3. முதல் 14 நாள்

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வெயில் பழக்கம்தானே என்பார்கள். யோசித்துப் பாருங்கள்: மார்ச்சிலிருந்து பரீட்சை, டியூஷன், ஃபேனுக்கு அடியில் புத்தகம். பரீட்சை முடிந்த மறுவாரம் முகாம். ஆக, வருடத்திலேயே மிகக் கடுமையான வெயிலில், உடம்பு வெயிலை மறந்திருக்கும் நேரத்தில் ஓட விடுகிறோம்.

உடம்பு வெப்பத்துக்குப் பழக 7 முதல் 14 நாள் ஆகும். ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரமே தொடங்கும், அதில் வெளியேறும் உப்பு குறையும். அமெரிக்கப் பள்ளி விளையாட்டில் இதற்கென்றே 14 நாள் விதி இருக்கிறது. முதல் ஐந்து நாளும் ஒரு வேளைப் பயிற்சி மட்டும், அதன்பின் இரு வேளை வைத்தாலும் அடுத்தடுத்த நாளில் கூடாது என்பது அதன் சாரம். நம் வெயிலுக்கு அதை இன்னும் கடுமையாக்கிக்கொண்டோம்: முதல் மூன்று நாள் காலையில் 60 நிமிடம், அடுத்த மூன்று நாள் 75, ஏழாம் நாளிலிருந்து 90. மாலைப் பயிற்சி ஏழாம் நாளுக்குப் பிறகுதான், அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள்.

கொடைக்கானலில் அத்தை வீட்டில் மூன்று வாரம் இருந்துவிட்டு நடுவில் வந்து சேரும் பிள்ளைக்கு அன்றுதான் முதல் நாள். மற்றவர்களின் ஒன்பதாம் நாளில் அதைச் சேர்க்காதீர்கள். காய்ச்சல் வந்து தேறியவர்களையும் இரண்டு படி பின்னால் வையுங்கள்.

4. நேர அட்டவணை

இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டேகாலை ஒட்டி. ஆனால் காற்றின் வெப்பம் உச்சம் தொடுவது பிற்பகல் இரண்டரை, மூன்றரை மணிக்கு. "உச்சி வெயில் போய்விட்டது" என்று நான்கு மணிக்குத் தொடங்கும் பயிற்சி, உள்மாவட்டங்களில் கிட்டத்தட்ட நண்பகலில் தொடங்கியது போலத்தான். செயற்கைப் புல்லும் சிமெண்டும் இருந்தால் தரையும் கீழிருந்து வேகவைக்கும்.

போனில் காட்டும் வெப்பநிலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உடம்புக்குத் தெரிவது வெப்பம், ஈரப்பதம், நேரடி வெயில் மூன்றும் சேர்ந்தது. மூன்றையும் சேர்த்துத் தருவது டபிள்யூ.பி.ஜி.டி. என்ற அளவு: ஈரத் துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலையில் பத்தில் ஏழு பங்கு, வெயிலில் வைத்த கறுப்புக் கோளத்தின் வெப்பத்தில் பத்தில் இரண்டு, நிழலில் காற்றின் வெப்பத்தில் பத்தில் ஒன்று. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

கடலோரத்தில் காலை ஏழரை மணி. காற்று 31 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம். ஈரக்குமிழ் சுமார் 27, கோளம் 38 என்று வைத்தால் மொத்தம் 29.6 வருகிறது. உள்மாவட்டத்தில் மாலை நான்கு மணி. காற்று 39, ஈரப்பதம் 30 சதவீதம். ஈரக்குமிழ் 25, கோளம் 50 என்றால் 31.4. போனில் எட்டு டிகிரி வித்தியாசம், உடம்புக்கு இரண்டு டிகிரிகூட இல்லை. சென்னை, நாகப்பட்டினம் பக்கத்தில் "காலைதானே" என்று எட்டரை வரை ஓட விடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வியர்வை வழிகிறது, ஆனால் காற்றில் ஈரம் அதிகமிருப்பதால் ஆவியாவதில்லை. ஆவியாகாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது.

ஜப்பானின் விளையாட்டுச் சங்கம் இந்த அளவு 31ஐத் தாண்டினால் பயிற்சியை நிறுத்தச் சொல்கிறது, குறிப்பாகச் சிறுவர்களுக்கு. பெரியவர்கள் ஆடும் கால்பந்திலேயே 32 ஆனால் ஆட்டத்தின் நடுவே குளிர்விக்கும் இடைவேளை விட வேண்டும் என்பது ஃபிஃபாவின் வழிகாட்டல். நாங்கள் 28 வரை வழக்கம்போல, 28 முதல் 30 வரை 15 நிமிடத்துக்கு ஒருமுறை நிழலில் ஓய்வு, 30க்கு மேல் ஓட்டம் இல்லாத பந்துப் பயிற்சி மட்டும், 31இல் வீட்டுக்கு என்று வைத்திருக்கிறோம். கையடக்க மீட்டர் ஒன்றை மூன்று அணிகள் சேர்ந்து 12,000 ரூபாய்க்கு வாங்கினோம். அதற்கு வசதியில்லையென்றால் கடிகாரம் போதும். எங்கள் மே மாத அட்டவணை இதுதான்: 5:30க்கு வருகை, 5:45 முதல் 7:15 வரை பயிற்சி. மாலை உண்டென்றால் 5:15 முதல் 6:30. இடைப்பட்ட நேரத்தில் கூரைக்குக் கீழே விதிமுறை வகுப்பு, பழைய ஆட்டங்களின் வீடியோ, காயக் கட்டுப் பயிற்சி. வானிலை மையம் ஆரஞ்சு எச்சரிக்கை விட்டால் மாலை ரத்து.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: பெற்றோர் சண்டைக்கு வருவார்கள். "நாலு மணி நேரத்துக்குத்தானே ஃபீஸ் கட்டினோம்?" என்பார்கள். நானும் அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் முதல் வருடம் பத்தரை வரை இழுத்தேன். கட்டணம் வாங்குவதற்கு முன்பே நேரத்தை ரசீதில் அச்சடித்துவிடுங்கள்.

வெளியூர்ப் போட்டிகளில் வேறொரு தொல்லை. பெரியவர்களின் ஃபைனலுக்கு மாலையை ஒதுக்கிவிட்டுச் சின்னப் பிள்ளைகளின் ஆட்டத்தை 12 மணிக்குத் தள்ளுவார்கள். நுழைவுக் கட்டணம் கட்டும் முன் எழுத்தில் கேளுங்கள்: "9 மணி முதல் 4:30 மணிவரை எங்கள் ஆட்டம் இருக்காது என உறுதி தர முடியுமா?" இரண்டு போட்டிகளில் முடியாது என்றார்கள், நாங்கள் போகவில்லை.

5. தண்ணீரும் தராசும்

800 ரூபாய்க்கு ஒரு எடைத் தராசு வாங்குங்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஏற்றுங்கள், பின்னால் ஏற்றும்போது நனைந்த சட்டையைக் கழற்றிவிட வேண்டும். 40 கிலோ பையன் 39.1க்கு வந்தால் 900 கிராம் இழந்திருக்கிறான். இரண்டு சதவீதம், அதாவது 800 கிராமுக்கு மேல் குறைந்தால் அவன் குடித்தது போதவில்லை. மறுநாள் காலையிலும் எடை மீளவில்லை என்றால் அன்று அவனுக்கு ஓய்வு. எடை கூடியிருந்தால் அதுவும் ஆபத்து: வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து, வெப்பவாதம் போலவே குழப்பம் வரும்.

உப்புப் போட்ட நீர்மோர், நீராகாரம் இரண்டும் பிள்ளைகள் விரும்பிக் குடிப்பவை. ஓ.ஆர்.எஸ். வேண்டுமென்றால் மருந்துக் கடையில் ஒரு லிட்டருக்கான 21 கிராம் பாக்கெட் 20, 25 ரூபாய்க்குக் கிடைக்கும். அதை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும், டம்ளரில் அல்ல. அட்டைப் பெட்டியில் வரும் இனிப்புப் பானங்கள் பல அந்தப் பெயரைப் போட்டே விற்கப்பட்டன. 2025இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதைத் தடை செய்தது. வாங்கும்போது பின்பக்கத்தைப் படியுங்கள்.

அப்புறம், தண்ணீர் நிறையக் குடித்தால் வெப்பவாதம் வராது என்று நம்பிவிடாதீர்கள். எங்கள் பையன் அன்று இரண்டு பாட்டில் காலி செய்திருந்தான். ஓட்டத்தில் தசைகள் உண்டாக்கும் சூடு, வெளியேறும் சூட்டைவிட அதிகமானால் தண்ணீர் என்ன செய்யும்?

6. விழுந்துவிட்டால்

தேவையான சாமான்: 12க்கு 9 அடி தார்ப்பாய் ஒன்று (சுமார் 700 ரூபாய்), மூடி போட்ட இரண்டு டிரம், தெர்மோகோல் ஐஸ் பெட்டி, எட்டு பழைய துண்டு. இவையெல்லாம் ஒருமுறைச் செலவு, நான்காயிரத்துக்குள் முடியும். ஐஸ் தினசரிச் செலவு. கணக்கு இப்படி: 32 டிகிரியில் இருக்கும் 100 லிட்டர் தண்ணீரை 10 டிகிரிக்குக் கொண்டுவர 25 கிலோ ஐஸ் வேண்டும். எங்கள் ஊரில் அது 150, 200 ரூபாய். முன் நாளே ஐஸ் கம்பெனியில் சொல்லி வையுங்கள், கத்தரி வெயிலில் ஜூஸ் கடைகள் காலி செய்துவிடும். மாடித் தொட்டித் தண்ணீரை நம்பாதீர்கள், பத்து மணிக்கே அது சுடும். முதல் நாள் இரவே டிரம்மில் பிடித்து நிழலில் வையுங்கள்.

நடத்தை மாறியதைப் பார்த்த நிமிடத்திலிருந்து: மூச்சும் நாடியும் இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் நெஞ்சை அழுத்திச் செய்யும் சி.பி.ஆர்.தான் முதலில். எப்படியிருந்தாலும் ஒருவர் 108ஐ அழைக்கட்டும், ஒருவர் கேட்டுக்கு ஓடட்டும். மூச்சும் நாடியும் இருந்தால் ஷூ, ஷின் கார்டு, ஜெர்சியைக் கழற்றுங்கள். பிள்ளையைத் தார்ப்பாய் நடுவில் கிடத்தி, ஆறு பேர் விளிம்பைத் தூக்கித் தொட்டில்போலப் பிடித்து, உள்ளே ஐஸ் தண்ணீரை ஊற்றுங்கள். கழுத்துவரை மூழ்க வேண்டும். ஒருவர் அக்குள் வழியாகப் பிடித்துத் தலையை மேலே வைத்திருக்க வேண்டும், அவருக்கு வேறு வேலை கிடையாது. தண்ணீரைக் கையால் கலக்கிக்கொண்டே இருங்கள், இல்லையென்றால் தோலை ஒட்டிய நீர் சூடாகி நின்றுவிடும். இப்படிச் செய்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு டிகிரி அளவில் இறங்கும். குழம்பியிருக்கும் பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

ஆம்புலன்ஸ் ஐந்தாம் நிமிடத்தில் வந்தாலும் உடனே ஏற்றாதீர்கள். மூளையும் ஈரலும் பிழைப்பது முதல் அரை மணி நேரத்தில் வெப்பத்தை இறக்குவதில்தான் இருக்கிறது. முதலில் குளிர்விப்பு, அப்புறம் பயணம். பிள்ளை தெளிவாகப் பேசத் தொடங்கும்வரை, அல்லது 15 நிமிடம்வரை குளிர்வியுங்கள், பின் ஏற்றுங்கள். தார்ப்பாய்க்கு ஆளில்லையென்றால் ஐஸ் தண்ணீரில் நனைத்த துண்டுகளை உடம்பு முழுக்கப் போட்டு, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அக்குளில் மட்டும் ஐஸ் வைப்பது போதாது.

வெறும் வெப்பத் தளர்ச்சி என்றால் இவ்வளவு வேண்டாம். நிழல், கால் உயர்த்தல், ஈரத் துணி, விசிறல், சிறிது சிறிதாக நீர்மோர். அரை மணியில் தேறவில்லையென்றால் ஆஸ்பத்திரி. தேறினாலும் அன்று விளையாட்டு இல்லை.

எங்கள் இரண்டாம் வருடத்தில் ஒரு சிறுமி ஆறே முக்கால் மணிக்குக் கிழமையை மாற்றிச் சொன்னாள். முதல் நாள் இரவு கரண்ட் போய்த் தூக்கமில்லை, காலையில் சாப்பிடவுமில்லை என்பது பின்னால் தெரிந்தது. தாத்தாவை ஒருவர் பிடித்துக்கொள்ள, மூன்றாம் நிமிடம் தண்ணீரில் இருந்தாள். பதினொன்றாம் நிமிடம் "குளிருது, எடுங்க" என்று அழுதாள். ஆஸ்பத்திரியில் ஒரு நாள் கண்காணிப்பு, ரத்தப் பரிசோதனை சரி.

7. ஆஸ்பத்திரியிலும் அதற்குப் பிறகும்

"மயங்கி விழுந்தாள்" என்று மட்டும் சொன்னால் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிடக்கூடும். ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள்: எத்தனை மணிக்கு நடத்தை மாறியது, எத்தனை மணிக்குக் குளிர்விப்பு தொடங்கியது, எவ்வளவு நேரம். ஈரல், சிறுநீரகம், தசைச் சிதைவு மூன்றுக்கும் ரத்தப் பரிசோதனை எடுப்பீர்களா என்று கேளுங்கள். ஈரலின் பாதிப்பு சில நேரம் ஓரிரு நாள் கழித்துத்தான் ரத்தத்தில் தெரியும். சிறுநீர் டீ டிக்காஷன் நிறத்தில் போனால் உடனே சொல்ல வேண்டும்.

வீடு திரும்பிய பிறகு குறைந்தது ஏழு நாள் முழு ஓய்வு. அதன்பின் மருத்துவர் பரிசோதித்து எழுதித் தரும் தாள் இல்லாமல் கிரவுண்டுக்குள் விடாதீர்கள். தாள் வந்த நாள் அந்தப் பிள்ளைக்கு முதல் நாள், 60 நிமிடத்திலிருந்து.